சனிக்கிழமை பத்து மணிக்கு எலி

எங்க எலிக்கு சனிக்கிழமை காலைல பத்து மணின்னு நேரம் குறிச்சதே ஒரு சண்டைலதான். நான் ஞாயித்துக்கிழமைன்னேன். எங்க அண்ணன் கைய ஆட்டினான். "ஞாயித்துக்கிழமை எந்த வூட்ல புள்ளைங்க கைல போன் இருக்கும்? அப்பன்காரன் வூட்ல இருப்பான், போனும் அவன் கைலதான் இருக்கும். சனிக்கிழமைனா அம்மாக்காரி, ஒழி சனியனே, என்ன வேல பாக்க வுடுன்னு போனக் குடுத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிடுவா. அப்பதான் நம்ம எலி வரணும்" அப்படீன்னான். ரெண்டு புள்ளைங்களப் பெத்தவன் சொல்றான், எனக்குக் கல்யாணமே ஆகல, நான் எங்கேர்ந்து பேசறது? ஆனாலும் கோவம் வந்துச்சு. தோத்துப் போனா எனக்குக் கோவம் வரும்.

அவன் என்னை விட ஒன்றரை வயசுதான் பெரியவன். அதனால நான் தங்கச்சின்னாலும் அவன் இவன், வாடா போடாதான். ஆரணில ஒரு பட்டுச் சேலக் கடைல சேல விரிச்சுக் காட்டற வேல. வாய்தான் அவனுக்கு மூலதனம். கல்யாணப் பொண்ணோட வந்த கூட்டம் முப்பது சேலய விரிக்க வெச்சிட்டு "இன்னும் கொஞ்சம் பாத்துட்டு வரோம்"னு எழுந்திரிக்கும்போது, அவன் ஒரே ஒரு வார்த்த சொல்லி மறுபடியும் உக்கார வெச்சிடுவான். நான் மெட்ராஸ்ல அனிமேஷன் கம்பெனி ஒண்ணுல, கதையக் காட்சி காட்சியா வரஞ்சு காட்டற ஸ்டோரிபோர்டு போட்டுகினு இருந்தேன். அங்க ஆள் கொறைச்சப்போ ஊருக்கு வந்துட்டேன். வந்த மொத வாரமே அண்ணன் தன் பொண்ணுக்கு சோறு ஊட்ட ஒரு எலி மாதிரி பேசிகினு இருந்ததக் கேட்டேன். அதிகப்பிரசங்கி எலி. எதுக்கும் பயப்படாது, ஆனா எல்லாத்துக்கும் கத்தும். அதக் கேட்ட உடனே எனக்கு உருவம் வந்துடுச்சு.

எங்க கார்ட்டூனோட கத இதுதான். நெல்லு மில்லுல ஒரு எலி. அது அம்மா தூங்கிகினு இருந்த அரிசி மூட்டைய லாரில ஏத்திடறாங்க. லாரி எங்க போச்சுன்னு எலிக்குத் தெரியாது. போளூர் சந்தைல கேக்குது, வெம்பாக்கத்துல கேக்குது, பஸ்ல ஏறுது, ரயில்ல ஏறுது, ஒவ்வொரு ஊர்லயும் ஒரு வம்பு. நாலு நிமிஷம் ஒரு எபிசோடு. இருபத்தாறு எபிசோடுல அம்மாவக் கண்டுபுடிக்கும். கத, போர்டு, எடிட்டு, எந்த வாரம் எதுங்கற கணக்கு எல்லாம் நான். எலிக்குக் குரல் அண்ணன். மத்த எல்லாருக்கும் நான், இல்லேன்னா அண்ணி. வரஞ்சு அசைய வெக்கறது முள்ளிப்பட்டுல இருக்கற ஒரு தம்பி. தம்பின்னா சின்னப் பையன் இல்ல, முப்பது வயசு, பொண்டாட்டி புள்ள இருக்கு, வூட்ல ரெண்டு தறி ஓடும், அதுக்குப் பக்கத்து ரூம்ல அவரு கம்ப்யூட்டர் ஓடும்.

சின்னப் புள்ளைங்களுக்கான வீடியோன்னு குறிச்சுட்டா நாங்க இன்டர்நெட்ல ஏத்தற தளத்துல கீழ கருத்து எழுத முடியாது, புதுசு வந்தா போனுக்கு மணி அடிக்காது. அப்படித்தான் சட்டம் வெச்சிருக்காங்க, நல்லதுக்குத்தான். ஆனா புள்ளைங்களுக்கு எலி வந்திருக்குன்னு எப்படித் தெரியும்? ஒரே வழிதான். ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே மணி. ஒரு வாரம் ஏமாத்தினா புள்ள அழும், அடுத்த வாரம் வேற எதையாவது பாக்கும், அதுக்கு அடுத்த வாரம் எலி யாருன்னு கேக்கும். அதனால மொத எபிசோடு வெளிய போறதுக்கு முன்னாடியே பத்து எபிசோடு முழுசா முடிச்சுக் கைல வெச்சிக்கணும்னு நான் சொன்னேன். பேக்லாக்னு மெட்ராஸ்ல சொல்லுவோம். அண்ணனுக்கு அது புடிக்கல, "இருப்பு"ன்னான். "இருப்பு இல்லாம எவனாவது கட தொறப்பானா?"

கணக்கு சுலபம்தான். தம்பிக்கு ஒரு எபிசோடு செய்யப் பத்து நாள் ஆவும். எலிய ஒரு தடவ பாகம் பாகமா வரஞ்சு மூட்டு போட்டு வெச்சிட்டதால பத்து நாள், இல்லேன்னா மாசம் ஆவும். வெளிய போறதோ ஏழு நாளைக்கு ஒண்ணு. அப்போ ஒவ்வொரு வாரமும் இருப்பு கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். கொறையட்டும். பத்துல ஆரம்பிச்சா இருபத்தாறு வர்ற வரைக்கும் தாங்கும், அப்பறம் லீவு வுட்டுட்டு மறுபடியும் சேத்துக்கலாம். ஒரு ஷீட்ல வரிசையாத் தேதி போட்டு, குரல் ஆச்சா, வரஞ்சாச்சா, எடிட் ஆச்சா, ஏத்தி நேரம் வெச்சாச்சான்னு கட்டம் போட்டேன். அண்ணன் தெனமும் கடைல டீ குடிக்கற நேரத்துல போன்ல அதத் தொறந்து பாப்பான். ஏதாவது கட்டம் காலியா இருந்தா எனக்கு உடனே போன். "இன்னா தூங்கிகினு இருக்கியா?"

குரல் பதியற எடம் கடை மொதலாளியோட சேல குடோன். மாடில ஒரு ரூம், நாலு சுவத்துலயும் கூர வரைக்கும் பட்டு. அதுக்குள்ள பேசினா எதிரொலி ஒரு துளி வராது. லட்ச லட்சமா செலவு பண்ணாக்கூட அப்படி ஒரு ரூம் கட்ட முடியாது. ஒரே ஒரு பேஜார், தெரு முழுக்கத் தறி. குடோன் ஜன்னல என்னதான் இழுத்து மூடினாலும் டக்கு டக்குன்னு அந்த சத்தம் அடியில வந்துகினே இருக்கும், மைக்கு அத வுடாது. மாசத்துல ஒரு நாள்தான் தெருவே சத்தம் போடாது, அமாவாச. அன்னிக்கு யாரும் தறில உக்கார மாட்டாங்க. அதனால எங்க எலி வெளிய வர்றது சனிக்கிழமைக்கு சனிக்கிழம, பேசறது அமாவாசைக்கு அமாவாச. ஒரு அமாவாசைல நாலு எபிசோடு பேசிடணும். மதியம் எல்லா வூட்லயும் படையல் போட்டு காக்காய்க்குச் சோறு வெக்கற நேரத்துல, நாங்க மேல வேர்த்து ஊத்தி எலி மாதிரி கத்திகினு இருப்போம். அண்ணன் அங்கியே ஒரு மொழம் துண்டால மூஞ்சத் தொடச்சிகினு, "அப்பா ஸ்வாமி, எலி பொழப்புடா இது" ன்னுவான்.

நல்லாத்தான் போயிகினு இருந்துச்சு. புள்ளைங்க பாத்தாங்க. வீடியோ முடிவுல ஒரு நம்பர் போட்டிருந்தோம், அதுக்குப் புள்ளைங்க குரல்ல பேசி அனுப்புவாங்க. "எலி, லாரி டிரைவர நம்பாத" ன்னு ஒண்ணு. "எலி, எங்க வூட்டுக்கு வா, பூன இல்ல" ன்னு ஒண்ணு. அண்ணன் கடைல கூட்டம் இல்லாத நேரத்துல மூலையில போயி நின்னுகினு எலிக் குரல்லயே ஒவ்வொண்ணுக்கும் பதில் அனுப்புவான். நாலு எபிசோடு வெளிய போனதுக்கு அப்பறம் அவன் குரல் கரகரன்னு ஆச்சு. கத்திக் கத்தித் தொண்ட புண்ணாயிடுச்சுன்னு நெனச்சோம். அண்ணி மிளகு போட்டுப் பால் குடுத்தா, வெந்நில உப்பு போட்டுக் கொப்புளிக்க வெச்சா. ஒரு மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு, வுடல. ஆரணில பாத்துட்டு, எழுதிக் குடுத்து வேலூருக்கு அனுப்பினாங்க.

வேலூர்ல கேமரா வுட்டுப் பாத்து, சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. டாக்டரம்மா எங்க மூணு பேரையும் உக்கார வெச்சிப் பொறுமையாச் சொன்னாங்க. கட்டி. பரவி இருக்கு. குரல் பெட்டிய முழுசா எடுத்துடணும். கழுத்துல ஒரு ஓட்ட இருக்கும், அது வழியாத்தான் மூச்சு. உயிருக்கு இதுதான் நல்லது. அண்ணன் கேட்ட ஒரே கேள்வி, "எலி மாதிரி கத்தினதாலயாங்க?" டாக்டரம்மாவுக்குப் புரியல, நான் வெளக்கினேன். "அதனால இல்லவே இல்ல" ன்னாங்க. வருஷக்கணக்கா அவன் வாயில அடக்கிகினு இருந்த புகையிலைதான். அத வுடச் சொல்லி அண்ணி எவ்வளவு கெஞ்சியிருப்பா! அப்போ அண்ணி முந்தானையக் கைல சுருட்டிச் சுருட்டிப் பிரிச்சா.

பஸ்ல வரும்போது அண்ணன் போன எடுத்து ஷீட்டத் தொறந்தான். ஆப்பரேஷனுக்குக் குடுத்த தேதி அமாவாசைக்கு முன்னாடியே வருது. போன அமாவாசைல தொண்ட கரகரத்ததால மூணோட நிறுத்தி, பத்தொம்பது வரைக்கும் குரல் பதிஞ்சிருந்தோம். இருபதுலேர்ந்து இருபத்தாறு வரைக்கும், ஏழு கட்டம், காலி. அவன் அந்த ஏழையும் விரலால தொட்டுக் காட்டினான். "இத முடிச்சுட்டுதான் போவேன்."

"உனுக்கு புத்தி கித்தி இருக்கா?" ன்னேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு.

"எலி அம்மாவக் கண்டுபுடிக்காம நடுத்தெருவுல நிக்கணுமா? புள்ளைங்க கேட்டா யாரு பதில் சொல்றது, நீயா?" ன்னான். அப்பறம் மெதுவா, "என் குரல்லயே முடியட்டும்மா. வேற ஒண்ணும் கேக்கல" ன்னான். அவன் என்னை அம்மான்னு கூப்புட்டதே கெடையாது. எனக்கு அழுவ வந்துச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன்.

ஆனா அமாவாச இல்லாத நாள்ல தெருவ எப்படி அடக்கறது? நான் வூடு வூடா ஏறினேன். ஒரு காலைப்பொழுது, மதியச் சாப்பாடு வரைக்கும் தறிய நிறுத்தணும்னு கேக்கறது சின்ன விஷயம் இல்ல. நெய்யறவங்களுக்கு அது கூலி. முகூர்த்த மாசம் வேற, சேல குடுக்கச் சொல்லி மொதலாளிங்க நெருக்கிகினு இருக்காங்க. மொத வூட்டு அம்மா நூலப் புடிச்சபடியே முழுசாக் கேட்டாங்க. "எங்க பேத்தி பாக்கறாளே, அந்த எலியா? அது உங்க அண்ணனா?" ன்னாங்க. பக்கத்து வூட்டு மருமகளக் கூப்புட்டாங்க. அவ அடுத்த வூட்ட. கொஞ்ச நேரத்துல தெருவுல அஞ்சாறு பேரு நின்னுகினு இருந்தோம். அந்த அம்மாதான் முடிவாச் சொன்னாங்க, "நாளான்னிக்கு எங்க தெருவுக்கு அமாவாசன்னு வெச்சிக்கறோம், போ." யாரும் எதுத்துப் பேசல.

அன்னிக்குக் காலைல குடோன் ஜன்னலத் தொறந்தே வெச்சிருந்தோம். ஒரு தறி சத்தம் இல்ல. மிக்சி கூட யாரும் போடல. கீழ ஒரு நாய் கொலைச்சதுக்கு யாரோ "ச்சூ, சும்மா இரு" ன்னு அதட்டினது மேல வரைக்கும் கேட்டுச்சு.

நான் இருபத்தாறத்தான் மொதல்ல எடுத்து நீட்டினேன். மெட்ராஸ்ல அப்படித்தான் பழக்கம், குரல் தெம்பா இருக்கும்போதே முக்கியமானதப் பேசிடணும், வரிச அப்பறம் எடிட்ல. அவன் பேப்பரத் தொடவே இல்ல.

"முடிவ மொதல்ல பேச வெக்கறியா?"

"தொண்ட தாங்காதுடா. கடைசி எபிசோடுதான் முக்கியம்."

"ஆஸ்பத்திரிக்குப் போறவன மொதல்ல முடிவப் பேசுன்னு சொல்றா பாரு!" ன்னு அண்ணியப் பாத்தான். அண்ணி மூஞ்சி செத்துடுச்சு. "வாணாம் பாப்பா. வரிசையாவே போவட்டும். நல்லது இல்ல" ன்னா. சேல கடைல கூட அவன் கறுப்பு பார்டர மொதல்ல விரிக்க மாட்டான், அப்படி ஒரு சகுனம் பாக்கறவன். அன்னிக்குப் பதிவு பண்ண வந்து மைக்குல கை வெச்சிகினு இருந்த முள்ளிப்பட்டுத் தம்பி என்னையே பாத்தாரு. அந்த ரூம்ல அண்ணி நின்ன நெலமைல நான் இன்னா சண்ட போடறது? சரின்னு இருபத எடுத்தேன்.

இருபதுல பிரமாதமாப் பேசினான். அவ்வளவு நாள் கரகரப்பு எங்க போச்சுன்னு தெரியல, பழைய எலி அப்படியே வந்து நின்னுச்சு. இருபத்தொண்ணுல ரயில் டிக்கெட் பரிசோதகரோட எலி போடற சண்டைல நான் சிரிப்ப அடக்க முடியாம வெளிய ஓடிட்டேன். இருபத்திரெண்டுல அங்கங்க கிழிஞ்சுது. இருபத்துமூணுல ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி வெந்நி. இருபத்துநாலு முடியும்போது எச்சில முழுங்க முடியாம கண்ணுல தண்ணி வந்துகினு இருந்துச்சு. "போதும், வுடுடா" ன்னேன். கைய மட்டும் ஆட்டினான். இருபத்தஞ்சுல பாதி வரிங்கள நானே சின்னதா வெட்டிட்டேன். எலி வாயில சோளத்த அடச்சிட்டுப் பேச முடியாம தவிக்கற மாதிரி மாத்திட்டேன், அவன் ம்ம் ம்ம்னா போதும்.

இருபத்தாறுக்கு வந்தப்போ குரல் இல்ல. காத்துதான் வந்துச்சு. எழுதி வெச்சிருந்தது, எலி லாரி மேல ஏறி ஊரே அதிர "அம்மா"ன்னு கத்தும், அம்மா மூட்டைலேர்ந்து எட்டிப் பாக்கும். அவன் மூணு தடவ வாயத் தொறந்தான். சத்தம் காட்டற மீட்டர்ல முள்ளு மட்டும் லேசா ஆடுச்சு. அவன் மூஞ்சில அப்படி ஒரு அவமானத்த நான் பாத்ததே இல்ல. கடைல ஆயிரம் பேர வாயால கட்டிப் போட்டவன். பேப்பர வாங்கி, நின்ன எடத்துலயே அடிச்சு மாத்தினேன். அம்மா தூங்கிகினு இருக்கா. எலி பக்கத்துல போயி, எழுப்பாம, காதுல சொல்லுது. "மெதுவாத்தான் சொல்லணும், புரிஞ்சுதா? அம்மா தூங்கறா" ன்னேன். அவன் தலைய ஆட்டினான். மைக்குக்கு ஒட்டி வந்து, "அம்மா. நான் வந்துட்டேன். நீ தூங்கு" ன்னான். காத்துலதான் சொன்னான். ஆனா கேட்டுச்சு. தம்பி பதிவ நிறுத்தவே இல்ல. அண்ணி பட்டு மூட்டைங்களுக்கு நடுவுல போயி நின்னுகினா. கீழ தெருவுல சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு தறி கூட ஆரம்பிக்கல. நாங்க எறங்கி வந்து சொன்னதுக்கு அப்பறம்தான் ஆரம்பிச்சாங்க.

ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கழுத்துல ஓட்ட, அதுக்கு மேல ஒரு துணி. அவன் ஆஸ்பத்திரில படுத்திருந்த சனிக்கிழமைங்கள்லயும் எலி பத்து மணிக்குக் கத்திகினு வந்துச்சு. ஏத்தி நேரம் வெச்சது, அதுக்கு என்ன தெரியும்? நர்சம்மா போன வாங்கிப் பாத்துட்டு, "இது உங்க குரலா?" ன்னு கேட்டுட்டு, கேட்டுட்டோமேன்னு நாக்கக் கடிச்சிக்கினாங்க. அவன் பெருமையா மார்ல தட்டிக்கினான்.

வூட்டுக்கு வந்த அப்பறம்தான் கஷ்டமே. கடை மொதலாளி நல்ல மனுஷன், வேலைய வுட்டு எடுக்கல, உள்ள சேல மடிச்சு அட்டைப் பொட்டில வெக்கற வேலைக்கு மாத்தினாரு. அண்ணன் ரெண்டு நாள் போனான், அப்பறம் போவல. வெளிய கவுண்டர்ல வேற ஒருத்தன் பேசறது உள்ள கேக்குதாம். வூட்ல கட்டில்ல சுவத்தப் பாத்துகினு படுத்திருப்பான். தொண்டைல வேற குழாய் வெச்சுப் பேசப் பழகலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க, அதுக்கும் போவ மாட்டேன்னான். எதையும் கேக்கணும்னா போன்ல எழுதிக் காட்டுவான், ரெண்டு வார்த்த, அவ்வளவுதான். முள்ளிப்பட்டுத் தம்பி ஒரு நாள் வந்து, பழைய பதிவெல்லாம் குடுத்தா கம்ப்யூட்டரே அண்ணன் குரல்ல பேசும், அடுத்த சீசன் கூட செய்யலாம், ஒண்ணு செஞ்சு காட்டட்டுமான்னாரு. அண்ணன் வாணாம்னு தலைய ஆட்டினான். தம்பி மறுபடியும் கேக்கல.

சனிக்கிழம மட்டும் அவன் வேற ஆளு. காலைல எழுந்து குளிச்சு, மோவாய வழிச்சு, வெள்ள சட்ட போட்டு, கழுத்துத் துணிய மாத்திகினு, ஒம்பதரைக்கே புள்ளைங்களோட போன் முன்னாடி உக்காந்துடுவான். எலி பேசும்போது அவன் வாயும் அசையும். ஒரு வரி பிசகாது. அவன் பொண்ணு போனயும் பாப்பா, அவன் வாயயும் பாப்பா. பத்தே காலுக்கு எல்லாம் முடிஞ்சுடும். பதினொண்ணுக்கு மறுபடியும் கட்டில்.

இருப்பு கொறஞ்சுகினே வந்துச்சு. தம்பி ராப்பகலா வரஞ்சாரு, நான் எடிட்டு. ஷீட்ல கட்டம் எல்லாம் நெறஞ்சுகினே வந்துச்சு. மூணு எபிசோடு பாக்கி இருக்கும்போது அண்ணி எங்கிட்ட வந்தா. வாசல்ல செருப்பு கூட கழட்டல.

"பாப்பா, இனிமே வாரா வாரம் போடாத. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போடு. இல்ல மாசத்துக்கு ஒண்ணு. அமாவாசைக்கு ஒண்ணு போடேன்."

"அப்படிப் போட்டா புள்ளைங்க போயிடுவாங்கண்ணி. மணி அடிக்காது, ஒண்ணும் இல்ல, நாளு மாறினா அவ்வளவுதான்."

"போவட்டும்!" ன்னு கத்தினா. அவ கத்தி நான் கேட்டதே இல்ல. "ஊர்ப் புள்ளைங்க போனாப் போவட்டும். உங்க அண்ணன் வாரத்துல ஒரு நாள்தான் எழுந்திரிக்கறாரு. அதையும் நீ தீத்துடாத. எல்லாத்தையும் போட்டு முடிச்சிட்டா அவரு எதுக்கு எழுந்திரிப்பாரு, சொல்லு? எதுக்கு?"

அன்னிக்கே ஷீட்டத் தொறந்து கடைசி மூணையும் தள்ளித் தள்ளி வெச்சேன். இருபத்துநாலுக்கு ரெண்டு வாரம், இருபத்தஞ்சுக்கு அப்பறம் ரெண்டு வாரம், இருபத்தாறு எங்கியோ கோடில. ஏத்தி வெச்சிருந்ததோட நேரத்தயும் மாத்தினேன். சனிக்கிழமைங்களுக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா நின்னுச்சு. இத்தன நாளு அந்த ஓட்டைங்க வரக் கூடாதுன்னுதான் நாங்க அடிச்சிகினோம். அன்னிக்கு அதப் பாத்தா நிம்மதியா இருந்துச்சு.

மறுநாள் சாயங்காலம் அவன் என் வூட்டுக்கு நடந்தே வந்தான். மூச்சு எரைக்குது, கழுத்துத் துணி உள்ள போயிப் போயி வருது. போன என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ஷீட்டு. எல்லாத்தையும் பழையபடி சனிக்கிழமைக்கு சனிக்கிழம மாத்தி வெச்சிருந்தான். கீழ எழுதியிருந்தான்: "எலி கத முடியணும்."

"டேய், அண்ணிதான்..."

கைய நீட்டி நிறுத்தினான். மறுபடியும் எழுதினான். நிதானமா, ஒவ்வொரு எழுத்தா. "தெரியும். அவகிட்ட பேசிட்டேன். புள்ளைங்க காத்துகினு இருக்கும்." பேசிட்டேன்னு எழுதினான் பாருங்க. எழுதிட்டேன்னு இல்ல. நான் ஏத்தி வெச்சதோட நேரத்த அவன் முன்னாடியே பழையபடி மாத்தினேன். மாத்தி முடிக்கற வரைக்கும் எங்கியும் உக்காராம நின்னுகினே பாத்தான். எனக்கு அவன் மேல அப்படி ஒரு கோவம். அவனக் கட்டிகினு அழுவணும்னும் இருந்துச்சு. ரெண்டும் செய்யல, டீ போட்டுக் குடுத்தேன்.

கடைசி சனிக்கிழம எல்லாரும் அவன் வூட்ல இருந்தோம். முள்ளிப்பட்டுத் தம்பி பொண்டாட்டி புள்ளையோட வந்திருந்தாரு. தறிய நிறுத்த ஒத்துகினு சொன்ன அந்தத் தெருக்கார அம்மாவும் வந்து உக்காந்தாங்க. தம்பி ஒரு வேல செஞ்சிருந்தாரு, எடிட்ல நான் பாத்துட்டேன், ஆனா யார்கிட்டயும் சொல்லல. கடைசி எபிசோடுல எலி கழுத்துல ஒரு துண்டு சுத்தியிருக்கும். ஏன்னு யாரும் கதைல சொல்லல. அண்ணன் அதப் பாத்ததும் தம்பியத் திரும்பிப் பாத்தான், அப்பறம் தன் கழுத்துத் துணியத் தடவிகினான். எலி மூட்டை மேல ஏறி, "அம்மா. நான் வந்துட்டேன். நீ தூங்கு" ன்னுச்சு. அண்ணன் வாய் அசைஞ்சுது. இப்போ ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி காத்துதான். அண்ணி எழுந்து சமையக்கட்டுக்குப் போயிட்டா.

சாப்பாட்டுக்கு அப்பறம் எல்லாரும் கெளம்பினாங்க. அவன் கட்டிலுக்குப் போவல. போன வெச்சிகினே உக்காந்திருந்தான். மூணு மணி இருக்கும், அந்த நம்பருக்கு ஒரு பொண்ணு பேசி அனுப்பியிருந்தா. அஞ்சு வயசு இருக்குமா, ஆறு இருக்குமா, தெரியல. பின்னாடி யாரோ பாத்திரம் கழுவற சத்தம். அண்ணன் சத்தத்தக் கூட்டி வெச்சான்.

"எலி, உனுக்குத் தொண்ட கட்டிகிச்சா? அம்மா கெடச்சிட்டாங்கல்ல, இனிமே கத்தாத, சரியா? எங்கம்மா மிளகுப் பால் குடுப்பாங்க, நல்லாயிடும். நல்லாயிட்டு அடுத்த சனிக்கிழம வா. நான் பத்து மணிக்கு உக்காந்திருப்பேன்."

அவன் அத நாலஞ்சு தடவ கேட்டான். அப்பறம் பழக்க தோஷத்துல, பதில் அனுப்ப அந்த மைக் பொத்தான அழுத்திப் புடிச்சிகினு, போன வாயாண்ட கொண்டு போனான். வாயத் தொறந்தான். திரையில நொடி ஓடிகினே இருந்துச்சு. நான் பாத்துகினே இருந்தேன், அவன் பொத்தான வுடல.